கொலஸ்ட்ரோல் குளிசை, கிரியேட்டின் மா, தொடை உளைவு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் பார்சல்களில் இப்போதெல்லாம் சொக்லேட், சவர்க்காரத்தோடு ஒரு பெரிய கிரியேட்டின் டப்பாவும் வருகிறது. முன்பு ஜிம்முக்குப் போகும் இளம் பெடியன்கள்தான் இதைக் கேட்டு வாங்குவார்கள். இப்போது ஐம்பது, அறுபது வயதுக்காரருக்கும் பிள்ளைகள் அனுப்பி வைக்கிறார்கள். வயது போகப் போகத் தசை குறையும், பாரம் தூக்கிப் பயிற்சி செய்வதோடு இதையும் எடுத்தால் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம் என்பது அவர்களின் எண்ணம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதே வயதுக்காரர்தான் கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டேட்டின் குளிசையும் போடுகிறார்கள். நான் மருந்தாளராக நிற்கும் பார்மசியில், "இது ரெண்டையும் சேர்த்து எடுக்கலாமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அதைவிட அடிக்கடி வருவது அடுத்த கேள்வி: "கால் உளையுது, குளிசையை நிப்பாட்டட்டா?"

இந்த இரண்டு கேள்விகளும் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒருமுறை வந்தன. என் அண்ணைக்கு 54 வயது. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு நோவு வந்து, இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். அன்றிலிருந்து இரவில் அட்டோர்வஸ்டேட்டின் 40 மி.கி. போடுகிறார். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவார், எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாகக் குறைந்திருந்தது, ஒரு முறைப்பாடும் இல்லை. இந்த வருடம் டொக்டர் பயிற்சி செய்யலாம் என்று சொல்ல, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஜிம்மில் சேர்ந்தார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் உடனே ஒரு டப்பா கிரியேட்டின் அனுப்பினான். முதல் ஒரு கிழமைக்கு நாளுக்கு நாலு கரண்டி, பிறகு ஒரு கரண்டி என்று போனில் சொல்லியும் கொடுத்தான். ஒரு கரண்டி 5 கிராம். அதாவது முதல் கிழமையில் நாளுக்கு 20 கிராம்.

அந்தக் கிழமை முடிவதற்குள் அண்ணைக்கு இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. படி இறங்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினார். கிளினிக் திகதி கிட்ட வந்ததால் வழக்கமான இரத்தச் சோதனையும் செய்தார்கள். கால் உளைவு என்று சொன்னதால் சிபிகேயும் சேர்த்துப் பார்த்தார்கள். அறிக்கை வந்தபோது இரண்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. சிபிகே 640, அந்த லேபின் மேல் எல்லை 200. சீரம் கிரியேட்டினின் 1.3, ஆறு மாதத்துக்கு முன் அது 1.0.

மச்சாள் பயந்துபோனா. "தசையும் கரையுது, கிட்னியும் போகுது. எல்லாம் அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசையாலதான் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அதை முதல்ல நிப்பாட்டச் சொல்லு பிள்ளை" என்றா. மகன் வேறு ஒரு கதை சொன்னான்: குளிசைதான் தசையில் இருக்கும் கிரியேட்டினைக் குறைக்கிறது, அதனால் இன்னும் கூட மா எடுத்தால் உளைவு போய்விடும் என்று. அண்ணை இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

அவர் ஸ்டென்ட் வைத்த ஆள். ஸ்டேட்டின் அவருக்கு இரத்தத்தில் ஒரு இலக்கத்தைக் குறைப்பதற்காக மட்டும் தரப்பட்டதல்ல. குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படிவம் வெடித்து மறுபடி அடைப்பு வராமல் காக்கவும்தான். அதைத் தன்பாட்டில் நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. ஆகவே ஒன்றையும் மாற்றாமல் அறிக்கையோடும் டப்பாவோடும் டொக்டரிடம் போவோம் என்று சொன்னேன். ஜிம்முக்கும் கிரியேட்டினுக்கும் மட்டும் அதுவரை ஓய்வு. அந்த இரண்டையும் விடுவதால் யாருக்கும் ஆபத்து இல்லை.

இங்கே சிபிகே என்ன, கிரியேட்டினின் என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால், டப்பாவில் உள்ள கிரியேட்டின்தான் இரண்டையும் ஏற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இரண்டும் இரண்டு வேறு கதைகள்.

கிரியேட்டின் என்பது எங்கள் உடம்பு தானே செய்யும் பொருள். சிறுநீரகமும் ஈரலும் சேர்ந்து நாளுக்குச் சுமார் ஒரு கிராம் செய்கின்றன. இறைச்சி, மீன் சாப்பிடுபவருக்குச் சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். அதில் மிகப் பெரும் பங்கு தசையில் இருக்கிறது. பாரம் தூக்குவது, படி ஏறி ஓடுவது போன்ற குறுகிய கடும் வேலைக்கு உடனடிச் சக்தி கொடுப்பது அதன் தொழில். தசையில் இருக்கும் கிரியேட்டினில் நாளுக்கு நூற்றில் ஒன்றரை, இரண்டு பங்கு தானாகவே உடைந்து கிரியேட்டினின் ஆகிறது. அது கழிவு. இரத்தத்துக்கு வந்து சிறுநீரகம் வழியாகச் சலத்தில் போய்விடும். சிறுநீரகம் பழுதானால் இந்தக் கழிவு இரத்தத்தில் தேங்கும்; அதனால்தான் சிறுநீரகத்தைப் பார்க்கக் கிரியேட்டினினை அளக்கிறார்கள். ஆனால் டப்பாவிலிருந்து நாளுக்கு 20 கிராம் உள்ளே போனால் கழிவும் கூடத்தான் உண்டாகும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் இலக்கம் ஏறும்.

அந்த இலக்கத்தையும் வயதையும் வைத்துத்தான் ஈஜிஎஃப்ஆர் என்ற சிறுநீரக வடிகட்டல் அளவைக் கணக்கிடுகிறார்கள். அண்ணையின் வயதுக்குக் கிரியேட்டினின் 1.0 என்றால் ஈஜிஎஃப்ஆர் ஏறக்குறைய 89 வரும். 1.3 என்றால் 65. கணக்குப் போடும் சூத்திரத்துக்கு டப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. டொக்டருக்கும் நாங்கள் சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: இல்லாத சிறுநீரக வருத்தத்துக்காகத் தேவையான ஒரு மருந்தின் அளவு குறைக்கப்படலாம், அல்லது தேவையில்லாத சோதனைகள் தொடரலாம். மறுபக்கமும் உண்டு. நீரிழிவாலோ பிரஷராலோ உண்மையிலேயே சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும் ஒருவர் "அது நான் எடுக்கிற மாவாலதான்" என்று தானே முடிவெடுத்து விட்டுவிடலாம். இந்த இரண்டாவதுதான் எனக்குக் கூடப் பயம் தருவது.

சிபிகே வேறு. முழுப் பெயர் கிரியேட்டின் பொஸ்போகைனேஸ். கிரியேட்டின் கைனேஸ் என்றும் சொல்வார்கள். அது தசைக்குள் இருக்கும் ஒரு நொதியம். தசைநார் காயப்பட்டால் வெளியே கசிந்து இரத்தத்தில் தெரியும். கிரியேட்டின் மா எடுப்பதால் மட்டும் அது இப்படி ஏறாது. ஏற்றுவது தசைக் காயம். அந்தக் காயம் ஸ்டேட்டினாலும் வரலாம், விழுந்து அடிபட்டாலும் வரலாம், தசைக்குள் ஊசி போட்டாலும் கொஞ்சம் வரலாம். ஆனால் எல்லாவற்றிலும் மிகச் சாதாரணமான காரணம் பழக்கமில்லாத கடும் பயிற்சி. கன காலம் ஒன்றும் செய்யாத ஒருவர் திடீரென்று பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பினால், அடுத்த ஒன்று முதல் நாலு நாட்களுக்குள் சிபிகே பல மடங்கு ஏறும். ஆயிரத்தைத் தாண்டுவதும் புதினமில்லை. இறங்க ஒரு கிழமை வரை எடுக்கும்.

கிளினிக்கில் டொக்டர் அறிக்கையைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வியும் இதுதான்: "கடைசியா எப்ப ஜிம்முக்குப் போனனீங்கள்? ரத்தம் எடுத்தது எப்ப?" அண்ணை யோசித்துப் பார்த்துச் சொன்னார். கால் பயிற்சி செய்தது சனிக்கிழமை பின்னேரம். இரத்தம் கொடுத்தது திங்கட்கிழமை விடிய. சிபிகே உச்சத்தில் நிற்கும் நேரத்தில்தான் ஊசி ஏறியிருக்கிறது.

அடுத்த கேள்விகள் உளைவைப் பற்றி. எங்கே, எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடும், எதைச் செய்தால் குறையும். இந்தப் பதில்களில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஸ்டேட்டினால் வரும் தசை உளைவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்: இடுப்பு, தொடை, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில். கூர்மையான குத்தாக இல்லாமல் ஒரு கனம், களைப்பு, சில நேரம் பெலவீனம். தாழ்ந்த கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடியவில்லை என்பது முக்கியமான அடையாளம். அனேகமாகக் குளிசை தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய முதல் நாலு, ஆறு கிழமைக்குள் தொடங்கும். பயிற்சி செய்தாலும் செய்யாவிட்டாலும் நாளுக்கு நாள் இருந்துகொண்டே இருக்கும். குளிசையை நிறுத்தினால் இரண்டு முதல் நாலு கிழமைக்குள் குறையும்.

பயிற்சி உளைவும் இரண்டு தொடையிலும் வரலாம், அதனால்தான் குழப்பம். ஆனால் அது பயிற்சி செய்த தசையில் மட்டும் வரும். அடுத்த நாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் அடைந்து, பிறகு தானாக இறங்கும். தசையை அமத்திப் பிடித்தால் நோகும். படி ஏறும்போது இருப்பதைவிட இறங்கும்போது கூட நோகும். அண்ணைக்கு இருந்தது அச்சொட்டாக இதுதான். தோள், கெண்டைக்கால் ஒன்றிலும் உளைவு இல்லை. அதோடு, அதே குளிசையை அதே அளவில் இரண்டு வருடமாக ஒரு உளைவும் இல்லாமல் போட்டிருக்கிறார். புதிதாக வந்தது குளிசை அல்ல, ஜிம்தான்.

அதற்காக இரண்டு வருடம் போட்ட பிறகு ஸ்டேட்டினால் உளைவு வரவே வராது என்று சொல்லவில்லை. புதிதாக இன்னொரு மருந்து சேர்ந்தால் வரலாம். அட்டோர்வஸ்டேட்டினையும் சிம்வஸ்டேட்டினையும் உடைக்கும் ஈரல் நொதியத்தைச் சில மருந்துகள் அடக்கிவிடும். அப்போது போடும் குளிசை அதே அளவாக இருந்தாலும் இரத்தத்தில் நிற்கும் மருந்து பல மடங்காகும். எங்கள் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் படர்தாமரை வந்து, தோல் டொக்டரிடம் போய் இட்ராகொனசோல் எழுதிக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். வயிற்றுப் புண்ணுக்கான கிருமியைக் கொல்லவும் சளிக் காய்ச்சலுக்கும் கிளாரித்ரோமைசின் எழுதப்படுகிறது. இந்த இரண்டில் ஒன்றை யாரும் வாங்க வந்தால், கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறீர்களா என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. போடுகிறார் என்றால் எழுதிய டொக்டருக்கே போன் எடுத்துக் கேட்பேன். பல நேரம் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டேட்டினை இடைநிறுத்தச் சொல்வார், அல்லது வேறு மருந்து எழுதுவார். கிரியேட்டின் இந்த வகையில் சேராது. அது அந்த நொதியத்தின் வழியில் போவதில்லை. ஸ்டேட்டினோடு நேரடியாக மோதும் மருந்து என்று அதை யாரும் காட்டவில்லை. பார்சலில் வரும் இன்னொரு சாமான்தான் மோதும்: கொலஸ்ட்ரோலுக்கு இயற்கை மருந்து என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிசை. அதில் இருப்பது லோவஸ்டேட்டினேதான். ஸ்டேட்டினுக்கு மேல் இன்னொரு ஸ்டேட்டின் போடுவதற்குச் சமம்.

டொக்டர் அண்ணையிடம் தைரொயிட் சோதனை எப்போது செய்தது என்றும் கேட்டார். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தைரொயிட் குறைவாகச் சுரந்தால் கொலஸ்ட்ரோலும் ஏறும், தசையும் உளையும், சிபிகேயும் கூடும். கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டேட்டினைக் கொடுத்து, உளைவுக்கு ஸ்டேட்டினைக் குற்றம் சொல்லி, அடிக் காரணத்தை விட்டுவிட இடமுண்டு. அண்ணைக்கு அது சரியாக இருந்தது.

பிறகு சலத்தின் நிறம். இந்த ஒரு கேள்வியை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். தசை மிக மோசமாக அழிந்தால் அதற்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற பொருள் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சலம் வெறுந்தேத்தண்ணி மாதிரிக் கபில நிறமாகப் போகும். அதோடு தசை வீக்கம், எழும்ப முடியாத பெலவீனம், காய்ச்சல், சலம் குறைவது என்பவையும் வரலாம். இது சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. ஸ்டேட்டினால் இப்படி வருவது மிக அரிது. வருடத்தில் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால் அடுத்த கிளினிக் திகதிக்காகக் காத்திருக்கக் கூடாது, அன்றைய குளிசையையும் போடக் கூடாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல், காற்றோட்டம் இல்லாத தகரக் கூரை ஜிம்மில் அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்பவருக்கு, ஸ்டேட்டின் போடாவிட்டாலும் இது வரலாம்.

அண்ணையின் சலத்தில் மாற்றம் இல்லை. 640 என்பது மேல் எல்லையின் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கூட. நாலு மடங்குக்குக் கீழே, வேறு காரணமும் தெளிவாகத் தெரிந்தால், பொதுவாக ஸ்டேட்டினைத் தொடர்ந்துகொண்டே மறுபடி சோதிப்பார்கள். பத்து மடங்கைத் தாண்டினால் உடனே நிறுத்தி, சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். நடுவில் இருந்தால் நோவு, பெலவீனம், ஆளின் இருதய ஆபத்து எல்லாவற்றையும் வைத்து டொக்டர் முடிவெடுப்பார்.

அண்ணைக்குச் சொன்னது இது: குளிசையை அதே அளவில் போடுங்கள். ஜிம்முக்கும் மாவுக்கும் ஓய்வு தொடரட்டும். பத்து நாள் கழித்து மறுபடி சிபிகே, கிரியேட்டினின், சிறுநீரகம் பழுதானால் சலத்தில் கசியும் அல்புமின் என்ற புரதம் மூன்றையும் பாருங்கள். பயிற்சியும் கிரியேட்டினும் ஒன்றாக நின்றால் எதனால் எது இறங்கியது என்று எப்படித் தெரியும் என்று எனக்கு முதலில் ஒரு யோசனை ஓடியது. ஆனால் பயிற்சி காட்டுவது சிபிகேயிலும் உளைவிலும்; கிரியேட்டின் காட்டுவது கிரியேட்டினினில். ஒன்றின் தடயம் மற்றதில் பெரிதாகக் கலக்காது. மாறாமல் இருக்க வேண்டியது ஸ்டேட்டின். அதையும் நிறுத்தியிருந்தால், உளைவு போனதும் எல்லோரும் குளிசையைத்தான் கைகாட்டியிருப்பார்கள். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் பிறகு கழுவுவது கஷ்டம்.

உளைவு அந்தக் கிழமையிலேயே போய்விட்டது. பத்து நாளில் சிபிகே 170. கிரியேட்டினின் 1.1. சலத்தில் அல்புமின் இல்லை. தசையில் ஏறிய கிரியேட்டின் முழுவதும் வடிய நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும் என்பதால் 1.0க்கு அது அன்றே வராதது ஆச்சரியமில்லை. அடுத்த மாதம் பார்த்தபோது வந்திருந்தது. கிரியேட்டினினை நம்பாமல் பார்க்க சிஸ்டட்டின் சி என்று இன்னொரு சோதனை உண்டு. அது தசையையும் சாப்பிடும் கிரியேட்டினையும் பொறுத்து மாறாது. எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், விலையும் கூட. அண்ணைக்குத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே சிறுநீரகத்தில் சந்தேகம் உள்ளவர் என்றால் டொக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

மகன் சொன்ன கதையையும் நான் தேடிப் பார்த்தேன். அது வெறும் வதந்தி இல்லை. உடம்பில் கிரியேட்டின் செய்வதற்கான ஒரு மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருப்பவருக்கு ஸ்டேட்டின் தசைப் பாதிப்பு குறைவாக வருகிறது என்று 2013இல் ஒரு ஆய்வு வந்தது. அதிலிருந்துதான் ஸ்டேட்டினுக்கும் கிரியேட்டினுக்கும் ஏதோ தொடர்பு என்ற பேச்சு பெரிதானது. ஆனால் பிறகு வேறு ஆய்வாளர்கள் வேறு ஆட்களிடம் தேடியபோது அந்தத் தொடர்பு தெளிவாகக் கிடைக்கவில்லை. அதற்கு முன் 2010இல், ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாத ஒரு பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கிரியேட்டின் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு அறிக்கை வந்தது. பலருக்கு உளைவு குறைந்ததாகச் சொன்னது. அவ்வளவு குறைந்த பேரை வைத்து ஒரு சிகிச்சையைத் தொடங்க முடியாது. முக்கியமாக, உளைவு என்பது எதிர்பார்ப்பால் கூடியும் குறைந்தும் போகும் ஒன்று.

அந்த எதிர்பார்ப்பை அளந்த ஆய்வு ஒன்று 2020இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. பக்க விளைவால் ஸ்டேட்டினை விட்ட 60 பேருக்கு, மாதம் மாறி மாறி, சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் அதே தோற்றத்தில் மருந்தில்லாத குளிசை, சில மாதம் ஒன்றுமில்லை என்று கொடுத்தார்கள். தினமும் உடல் நிலையைப் புள்ளியாகப் பதியச் சொன்னார்கள். ஸ்டேட்டின் மாதத்தில் வந்த தொல்லையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மருந்தில்லாத குளிசையிலும் வந்தது. முடிவைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஸ்டேட்டினைத் தொடங்கினார்கள். இதைச் சொல்லும்போது சிலர் கோபிக்கிறார்கள்: "அப்ப எனக்கு நோகேல்லை எண்டோ சொல்லுறியள்?" இல்லை. நோவு உண்மை. எந்தக் குளிசையைப் போட்டாலும், இது உளைவு தரும் என்று கேள்விப்பட்டுப் போட்டால் உடம்பு அதைக் கவனிக்கத் தொடங்கிவிடும் என்பதுதான் அந்த முடிவு. அதோடு அந்தப் பத்துப் பங்கும் இருக்கிறது. ஸ்டேட்டினாலேயே உளைவு வரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழியும் இருக்கிறது: டொக்டரின் சொல்லோடு சில கிழமை நிறுத்திப் பார்த்து, குறைந்தால் குறைந்த அளவில் மறுபடி தொடங்கலாம், ரோசுவஸ்டேட்டின் போன்ற வேறு ஒன்றுக்கு மாறலாம், சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பார்கள், ஸ்டேட்டின் அல்லாத எசெடிமைப் என்ற கொலஸ்ட்ரோல் மருந்தைச் சேர்ப்பார்கள். இவ்வளவும் இருக்க, டப்பாவிலிருந்து மருந்து தேடத் தேவையில்லை.

கிளினிக்கில் கூட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். விடிய நம்பர் எடுத்து, மதியம் வரை வாங்கில் இருந்து, உள்ளே போனால் கிடைப்பது சில நிமிடம். அதனால் அண்ணைக்கு ஒரு துண்டில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். கேட்பவர்களுக்கும் இப்போது அதையே சொல்கிறேன். உளைவு தொடங்கிய திகதி, அதற்கு முன் புதிதாகத் தொடங்கிய எதுவும்: பயிற்சி, மா, தோலுக்கோ சளிக்கோ போட்ட குளிசை, நாட்டு மருந்து. கிரியேட்டின் எத்தனை கரண்டி, கரண்டி எத்தனை கிராம், எந்தத் திகதியிலிருந்து. டப்பாவின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். தனிக் கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டா, கஃபீனும் வேறு சாமானும் கலந்ததா என்று அதில்தான் தெரியும். இரத்தம் கொடுத்த நாளுக்கு முன் கடைசியாகப் பயிற்சி செய்தது எப்போது. சிபிகே பார்க்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால், குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு கிழமை பாரம் தூக்காமல் போவது நல்லது.

டொக்டரிடம் கேட்க வேண்டியது என்று நான் நினைப்பவை இரண்டுதான். என் இருதய நிலைக்கு இந்தக் குளிசை எவ்வளவு அவசியம், உளைவு நிற்காவிட்டால் அடுத்த படி என்ன என்பது ஒன்று. என் சிறுநீரகத்துக்கும், நான் போடும் மற்ற மருந்துகளுக்கும் கிரியேட்டின் சரிவருமா என்பது மற்றது. நீரிழிவு, பிரஷர், பழைய சிறுநீரக வருத்தம் உள்ளவர், அடிக்கடி நோவுக்கு டைக்ளோபினாக் போடுபவர், இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை டப்பாவைத் திறக்காமல் இருப்பதே சரி. உளைவுக்கு என்று டைக்ளோபினாக் வாங்க வருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது இருதயத்துக்கும் நல்லதல்ல, சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. அண்ணைக்குப் பரசிட்டமோலைத் தவிர வேறு ஒன்றும் நான் கொடுக்கவில்லை.

அடுத்த மாதக் கிளினிக்கில் டொக்டர் கிரியேட்டினை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுநீரகம் சரி, அல்புமின் இல்லை, விருப்பமென்றால் நாளுக்கு 3 கிராம் எடுக்கலாம், முதல் கிழமை ஏற்றல் தேவையில்லை என்றார். 3 கிராம் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். 20 கிராம் எடுப்பது அந்த இடத்துக்குக் கொஞ்சம் முந்திப் போய்ச் சேருவதற்கு மட்டும்தான். வயிற்றோட்டமும் உடம்பில் தண்ணீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ ஏறுவதும் அந்த ஏற்றலில்தான் கூடுதலாகத் தெரியும். இருதய நோயாளிக்குத் திடீரென்று எடை ஏறினால் அது வேறு அர்த்தமாகவும் இருக்கலாம் என்பதால், அந்தக் குழப்பமே வராமல் இருப்பது நல்லது.

ஜிம்மில் பாரத்தைப் பாதியாக்கி, கால் பயிற்சியைக் கிழமைக்கு ஒருமுறை என்று தொடங்கினார். முதல் இரண்டு தடவையும் அடுத்த நாள் கொஞ்சம் பிடித்தது, பிறகு அதுவும் இல்லை. அட்டோர்வஸ்டேட்டின் 40 மி.கி. இரவில் தொடர்கிறது. கிளினிக் கொப்பியில், மருந்துகளின் பட்டியலுக்குக் கீழே, "கிரியேட்டின் 3 கிராம் தினமும், எடுக்க முன் கிரியேட்டினின் 1.0" என்று டொக்டர் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே டொக்டர் இருப்பதில்லை. அடுத்த முறை 1.1 என்றோ 1.2 என்றோ வந்தால், கொப்பியைத் திறக்கும் எந்த டொக்டரும் அதை எதனோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த வரியில் இருக்கிறது.